தேதியைப் போடுங்களேன்!

எங்கள் பகுதியின் மின்தடை அறிவிப்பையும் குடிநீர் நேரத்தையும் தெருக் குழுவில் போடுகிறவன் நான். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. "நாளை காலை 9 முதல் மதியம் 2 வரை மின்தடை" என்று அலுவலகத்திலிருந்து வரும். எந்த நாளை? தேதியே இருக்காது. கேட்டு வாங்கி, தேதி, கிழமை, துணை மின் நிலையம் எல்லாம் சேர்த்து நான் போட்டால், அதையெல்லாம் வெட்டிவிட்டு வெறும் "நாளை" என்று பரப்புகிறார்கள். அடுத்த வாரமும் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

திருத்தம் வந்தால் அதைவிடக் கொடுமை. பராமரிப்புப் பணியை வியாழனிலிருந்து வெள்ளிக்கு மாற்றினார்கள். சரி, சொல்லிவிட்டார்கள். ஆனால் வெள்ளி பகல் முழுக்க மோட்டாருக்குக் கரண்ட் இல்லாவிட்டால் மேல்நிலைத் தொட்டி எப்படி நிரம்பும்? அன்று மாலைத் தண்ணீரும் தள்ளித்தானே போகும்? அதைச் சொல்ல ஓர் ஆளுக்கும் தோன்றவில்லை. நானாகப் போன் செய்து கேட்ட பிறகுதான், "ஆமாங்க, சனிக்கிழமை காலையிலதான் திறப்போம்" என்கிறார்கள். ஒரே ஊரில் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதா?

மேலே "திருத்தம்" என்று பெரிதாக எழுதிப் போட்டேன். யார் படிக்கிறார்கள்? பழையதுதான் எல்லாக் குழுக்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. வியாழக்கிழமை விடியற்காலையே எழுந்து மாவரைத்து, டேங்க் நிரப்பி வைத்த எதிர்வீட்டு அம்மா கேட்கிறார்: "ஏம்ப்பா, கரண்ட் போகவே இல்லையே?"

அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?