200 மீட்டர் என்ற கணக்கு

ஊருக்குள் குண்டு விழுந்த செய்தி வரும்போதெல்லாம், "இதைத் தடுக்கத்தான் சட்டம் இருக்கிறதே" என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறதுதான். ராணுவ இலக்கையும் பொதுமக்களையும் பிரித்துப் பார்க்காத தாக்குதல் கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் தாங்கும்? 1995இல் குரோவேஷியாவில் நடந்த இரண்டு தாக்குதல்களைப் பாருங்கள்.

அந்த ஆண்டு மே மாதம், குரோவேஷியாவிலிருந்து பிரிந்துபோகப் போரிட்ட செர்பியர்களின் தலைவர் மிலான் மார்ட்டிச் குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெப் மீது ஓர்கான் ராக்கெட்டுகளை ஏவ உத்தரவிட்டார். ஒவ்வொரு ராக்கெட்டிலும் 288 சிறு குண்டுகள். ஏவியதோ அந்த ராக்கெட் போகக்கூடிய கடைசித் தூரத்திலிருந்து. அங்கிருந்து ஏவினால் குறி எந்தத் திசையிலும் சுமார் 1,000 மீட்டர் தவறலாம். 7 பேர் இறந்தார்கள், 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இலக்கு எதுவாக இருந்தாலும் நகருக்குள் இதைக் குறிபார்த்து அடிக்க முடியாது என்று, யுகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயம் 2007இல் முடிவு செய்தது. மார்ட்டிச்சுக்கு 35 ஆண்டு சிறை.

ஆகஸ்டில் குரோவேஷிய ராணுவம், அந்தச் செர்பியர்களின் பிடியில் இருந்த க்னின் நகரைப் பீரங்கியால் தாக்கியது. மார்ட்டிச் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பும் இலக்குகளில் ஒன்று. சுமார் 25 கி.மீ. தூரத்திலிருந்து அங்கே 130 மி.மீ. குண்டுகள் 12 சுடப்பட்டன. பீரங்கி ஓர்கானைவிடத் துல்லியமானது, சிக்கலும் அதனால்தான். எந்தக் குண்டு குறி தவறியது, எது வேண்டுமென்றே வீட்டின் மேல் போடப்பட்டது என்று பதினைந்து வருடம் கழித்து எப்படிச் சொல்வது? விசாரணை நீதிபதிகள் ஒரு கோடு போட்டார்கள்: இலக்கிலிருந்து 200 மீட்டருக்குள் விழுந்தால் குறிபார்த்துச் சுட்டது, அதைத் தாண்டினால் இல்லை. இதை முக்கிய ஆதாரமாக வைத்து 2011இல் குரோவேஷியத் தளபதி கோட்டோவினாவுக்கு 24 ஆண்டு சிறை கொடுத்தார்கள்.

2012இல் மேல்முறையீட்டில் அது சரிந்தது. 200 என்ற எண்ணுக்கு எந்தச் சாட்சியமும் அடிப்படையாக இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். அப்புறம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் விடுதலை.

அந்த எண் தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் அதற்குப் பதிலாக வேறு எந்த அளவுகோலையும் பெரும்பான்மை நீதிபதிகள் தரவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. ஓர்கான் மாதிரி அப்பட்டமான ஆயுதம் என்றால் சட்டம் பிடிக்கிறது. சாதாரணப் பீரங்கி என்றால், குண்டு விழுந்த இடத்தின் வழியாக அப்போது ஒரு ராணுவ வண்டி போயிருக்கலாம் என்ற சந்தேகமே தளபதியைக் காப்பாற்றிவிடுகிறது.

குழிகளை அளப்பதைவிட, சுடுவதற்கு முன் தளபதிக்கு என்ன தெரியும் என்று கேட்பதுதான் சரியான வழி. எந்தப் பீரங்கி, எத்தனை கிலோமீட்டர், அந்தத் தூரத்தில் குண்டு எவ்வளவு சிதறும் என்பது பீரங்கிப் படையின் அட்டவணைகளிலேயே இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் எத்தனை வீடுகள் என்பதை வரைபடம் சொல்லும். 2022இல் டப்ளினில் 80க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்ற பிரகடனம் ஊர்களில் இந்த ஆயுதங்களைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. ஆனால் அது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. மக்கள் வாழும் இடத்தில் சுடும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கை முன்கூட்டியே எழுதிவைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். எழுதாத தளபதிதான் நீதிமன்றத்தில் விளக்கம் சொல்ல வேண்டும், செத்தவர்களின் குடும்பம் அல்ல.