வல்லாரையில் கொலாஜன் இல்லை

ஒரு அண்ணன் சொன்னது: "வல்லாரை இலையில கொலாஜன் இருக்கு. அரச்சுப் பூசுனா அதுவே புண்ணை மூடிரும்."

பாதி சரிதான் அண்ணே. ஆனா கொலாஜன் விலங்குப் புரதம், எந்த இலையிலும் கிடையாது. இலையிலுள்ள ஏசியாட்டிகோசைடு என்ற வேதிப்பொருள் நம்ம தோலில் கொலாஜன் உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்டி, அவற்றையே கொலாஜன் கட்ட வைக்கிறது என்று கருதுகிறார்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் தேடும் PubMed தளத்தில் asiaticoside guinea pig wound என்று தேடிப் பாருங்க. 1999-ல் வந்த ஆய்வில் 0.2 சதவீதக் கரைசல் பூசிய கினிப்பன்றிப் புண்களில் ஹைட்ராக்சிபுரோலின் 56 சதவீதம் கூடியிருந்தது. கொலாஜன் சேர்ந்ததற்கு அதுதான் அளவுகோல். ஆய்வில் பூசியது இலையிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்தப்படுத்திய சரக்கு. குளத்தங்கரையில் பறித்த இலையில் எவ்வளவு இருக்குமோ, கூடவே சேற்றுக் கிருமியும் வரும்.

சர்க்கரைப் புண்ணுக்கு இது உதவுமா என்று தக்கலை அக்கா கேட்டிருந்தாங்க: அந்த ஆய்விலேயே நீரிழிவு எலிகளின் புண்களில் 0.4 சதவீதக் கரைசல் பூசியபோதும் கொலாஜன் கூடியது. மனுசருக்கு அதே பலன் வருமா என்பதை எலியை வைத்துச் சொல்ல முடியாது.