நனைந்த சேலை வெயிலில்தான் காயும் என்று யார் சொன்னது?

ஐப்பசி பிறந்தாலே "இந்த மழையில எதுக்குச் சேலை, சுடிதார் போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதானே" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். சேலை கட்டித்தான் வேலைக்குப் போகிறோம் என்பவர்களுக்கு அந்த யோசனையால் ஒரு பிரயோசனமும் இல்லை. எனக்குச் சேலைதான் சௌகரியம் என்பவர்களுக்கும் இல்லை. நான் இரண்டாவது ரகம். சிதம்பரம் பக்கம் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வானம் எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. அதனால் மழைக்கு எப்படிக் கட்டுவது, நனைந்ததை மறுநாள் காலைக்குள் எப்படிக் காயவைப்பது என்பதில் எனக்குத் தெளிவான அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் துணி. மழைக்குப் பாலியஸ்டர்தான் நல்லது, உதறினால் காய்ந்துவிடும் என்பார்கள். காய்வது உண்மைதான். அந்த நூல் தண்ணீரைத் தனக்குள் இழுக்காது, இழைகளுக்கு நடுவில் மட்டும்தான் பிடித்து வைக்கும். ஆனால் நனைந்திருக்கும் நேரத்தில் அது காலோடு ஒட்டிக்கொள்கிற ஒட்டு இருக்கிறதே, தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடும்போது எட்டு வைக்க விடாது. கெட்டிப் பருத்தி அப்படி ஒட்டாது, ஆனால் ஈரம் குடித்துக் கனத்து, கொசுவத்தைக் கீழே இழுக்கும். என்னுடைய தேர்வு மெல்லிய பருத்தி, அதுவும் அச்சடித்த அடர்நிறம். வெளிர் நிறத்தில் மெல்லிய துணி நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும் என்பதால் அதை நவம்பர் முடியும்வரை எடுப்பதில்லை. கஞ்சியும் போடுவதில்லை. கஞ்சி மழையில் பிசுபிசுவென்று கரைவதோடு, ஈரத்தில் பூஞ்சணத்துக்கு அதுதான் சாப்பாடு.

பட்டைப் பற்றி ஒரே வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை கல்யாணத்துக்கு வீட்டிலிருந்தே காஞ்சிப் பட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். பையில் கொண்டுபோய் மண்டபத்தில் கட்டிக்கொள்ளுங்கள். அப்படியும் நனைந்துவிட்டால் முறுக்கக் கூடாது, மடித்தும் வைக்கக் கூடாது. கரைக்கும் உடலுக்கும் நடுவில் உலர்ந்த பருத்தித் துண்டை வைத்து, நிழலில் விரித்துப் போடுங்கள். சிவப்புக் கரையின் சாயம் மாம்பழ நிற உடலில் இறங்குவது பெரும்பாலும் மழையில் அல்ல. ஈரத்தோடு மடித்து வைத்த பிறகுதான்.

கட்டுக்கு வருகிறேன். என் மாமியார் நாற்று நட்ட கை. வயலில் சேலையை எப்படி ஏற்றிச் செருகுவது என்பதை அவரிடம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "கீழ தொங்குறது எல்லாம் தண்ணிய மேல ஏத்தும்மா" என்பார் அத்தை. விஷயம் அவ்வளவுதான். பருத்தித் துணியின் நுனி தண்ணீரில் பட்டால் போதும், ஈரம் தானாக மேலே ஏறிவிடும். செட்டிநாட்டுக் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே கட்டியவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். நாம் அலுவலகத்துக்கு அப்படிப் போக முடியாது. ஆனால் விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே இரண்டு விரற்கடை தூக்கலாம். அதற்கு முதலில் உள்பாவாடையைத் தூக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது சேலைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். கொசுவத்தில் ஒன்றிரண்டு மடிப்பைக் குறைத்து அந்த நீளத்தை முந்தானைக்கு விட்டால், முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகிக்கொள்ள வசதி.

அந்த உள்பாவாடையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நனைந்து வருகிற பெண்கள் சேலையை மாற்றுவார்கள், ரவிக்கையை மாற்றுவார்கள், பாவாடையை "பரவாயில்லை, உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும்" என்று விட்டுவிடுவார்கள். காயவே காயாது. கெட்டிப் பருத்தி, மேலே நாடா போகிற மடிப்பு, சுருக்கம், அதன்மேல் சேலையின் செருகல் என்று இடுப்பைச் சுற்றி அத்தனை அடுக்குக்குள் காற்று எங்கே போகும்? சாயங்காலம்வரை ஈரம் அப்படியே இருக்கும். நாடா உரசிய இடம் புண்ணாகும். படர்தாமரை வருவதும் அங்கேயும் தொடை இடுக்கிலும்தான். மழைநாளில் பையில் ஒன்றே ஒன்றுதான் வைக்க இடமிருக்கிறது என்றால், மாற்றுச் சேலையை விட்டுவிட்டு மாற்றுப் பாவாடையை வையுங்கள் என்றுதான் சொல்வேன். மெல்லிய பாப்ளினில் தைத்தது போதும். கையளவு மடிந்துவிடும்.

இனி காயவைப்பது. இதில்தான் பலரோடு எனக்குச் சண்டை. நனைந்த சேலையைக் கொடியில் போட்டுவிட்டு, "வெயிலே இல்லையே, எப்படிக் காயும்" என்று வானத்தைப் பார்ப்பார்கள். வெயில் நல்லதுதான், ஆனால் கட்டாயமில்லை. கொடியில் போடும் முன்னால் துணியிலிருந்து எவ்வளவு தண்ணீரை எடுத்தீர்கள் என்பதே பாதி வேலை. மீதிப் பாதி, ஒவ்வோர் அடுக்குக்கும் காற்று போகிறதா என்பது.

கணக்கோடு சொல்கிறேன். பருத்திச் சேலை ஒன்று உலர்ந்திருக்கையில் சுமார் அரைக் கிலோ. சொட்டச் சொட்ட இருக்கும்போது அதில் ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீர் இருக்கும். கையால் நன்றாகப் பிழிந்த பிறகும் ஏறக்குறைய அரைக் கிலோ நிற்கும். மெஷினின் ஸ்பின்னில் சுற்றினால் முந்நூறு கிராமுக்கு இறங்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான மின்சாரத்துக்குச் சமமான சூடு வேண்டும். அதையே ஸ்பின் சில நிமிடத்தில், சூடே இல்லாமல் உதறித் தள்ளிவிடுகிறது. ஈரச்சேலையை நேராக இஸ்திரி போட்டுக் காயவைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுவது இதனால்தான். கையால் பிழிந்த சேலையில் நிற்கும் அந்த அரை லிட்டரை ஆயிரம் வாட் பெட்டி ஆவியாக்க, சூடு முழுக்கத் தண்ணீருக்கே போனாலும் இருபது நிமிடம் ஆகும். உண்மையில் பாதிச் சூடு மேசைக்கும் காற்றுக்கும் போய்விடும். அதற்குள் ஆவி கையைச் சுடும், தப்பாக விழுந்த மடிப்பு அப்படியே நின்றுவிடும், ஈரக்கையோடு மின்சாரப் பெட்டியைப் பிடிக்கிற ஆபத்து வேறு.

சாயங்காலம் ஆறரைக்கு நனைந்து வீட்டுக்கு வந்து, அதே சேலை காலையில் வேண்டும் என்றால் நான் செய்வது இது. முதல் வேலை, ஊக்கு எல்லாவற்றையும் கழற்றுவது. ஈரத்தில் ஓர் இரவு இருந்தால் துருப்பிடித்த புள்ளி விழும், அது சோப்புக்குப் போகாது. அடுத்து நல்ல தண்ணீரில் ஓர் அலசு, ஏனென்றால் விளிம்பில் இருப்பது மழைத்தண்ணீர் மட்டுமல்ல, தெருத்தண்ணீரும்தான். பிழியும்போது முறுக்குவதில்லை. நீளவாக்கில் மடித்து மேலிருந்து கீழாகக் கைப்பிடி கைப்பிடியாக அழுத்திக்கொண்டே வருவேன். பிறகு ஸ்பின். சேலையை உருண்டையாகப் போட்டால் ஒரு பக்கம் கனம் சேர்ந்து மெஷின் அடித்துக்கொள்ளும், அதனால் பட்டையாக மடித்துத் தொட்டியின் சுவரைச் சுற்றி வைக்க வேண்டும். மெஷின் இல்லாத வீட்டில் பெரிய டர்க்கி துண்டைத் தரையில் விரித்து, அந்த அளவுக்கு மடித்த சேலையை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, அதன்மேல் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். துண்டு கனப்பதைக் கையிலேயே உணரலாம். இன்னொரு உலர்ந்த துண்டால் மறுபடி ஒரு முறை.

ஒரே கொடியில் சேலையைத் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டி உள்பக்கம் புழுங்கும். அதற்குப் பதிலாக ஓர் அடி இடைவெளியில் இரண்டு நைலான் கொடி கட்டி, சேலையின் அகலத்தை இரண்டுக்கும் மேலாகப் போடுங்கள். நடுவில் காற்றுப் போக வழி கிடைக்கும். எங்கள் ஹாலுக்கு முழு நீளம் வராது. பாதி ஒரு ஜோடிக் கொடியில், திரும்பி வரும் பாதி இன்னொரு ஜோடியில். மேலே ஃபேன், முடிந்தால் பக்கவாட்டில் இன்னொரு டேபிள் ஃபேன். ஜன்னலை முழுக்கச் சாத்த வேண்டாம். சாத்தினால் சேலையிலிருந்து போகும் ஈரம் அறையிலேயே நின்று, சிறிது நேரத்தில் துணி காய்வது நின்றுவிடும். அகலத் திறந்தால் மழைக்காற்று ஈரத்தோடு உள்ளே வரும். ஒரு கைப்பிடி அளவு திறந்திருந்தால் போதும். ஏசி இருக்கிற அறையில் 'டிரை' என்ற அமைப்பில் ஓடவிட்டால் அது காற்றிலிருக்கும் ஈரத்தையே எடுத்துவிடும், இன்னும் சீக்கிரம். ஒரு மணி நேரம் கழித்துக் கொடிமேல் படிந்திருந்த இடத்தை நகர்த்திப் போட வேண்டும்.

மெல்லிய பருத்தி இப்படிப் போட்டால் படுக்கப் போவதற்குள் உடல் பகுதி காய்ந்துவிடும். கரை, ஃபால்ஸ் தைத்த விளிம்பு, முந்தானைக் குஞ்சம், இந்த மூன்றும்தான் கடைசி. விரலால் தொட்டால் தெரியாது. புறங்கையிலோ கன்னத்திலோ வைத்துப் பாருங்கள், சில்லென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. இந்த லேசான சில்லிப்பில்தான் இஸ்திரிப் பெட்டியை எடுக்க வேண்டும். பருத்தி மடிப்பு படிவது அப்போதுதான். மறுநாள் மக்கல் வாடை வந்தால் காய நேரமாகி அதில் கிருமி பெருகியிருக்கிறது என்று பொருள். சென்ட் அடித்து மறைக்காமல், சாயம் தாங்கும் துணியென்றால் வெந்நீரில் மறுபடி துவைத்துவிடுங்கள்.

வேட்டிக்கும் இதே வழிதான், வேலை குறைவு. மழைக்கு எட்டு முழத்தைவிட நாலு முழம் நல்லது, ஒற்றை அடுக்கு என்பதால். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினால் விளிம்பில் சேறு படாது. ஆனால் ஈரக்கனத்தில் செருகல் நழுவும், பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே பட்டாபட்டியோ அடர்நிற டவுசரோ அவசியம், நனைந்த வெள்ளை வேட்டி எதையும் மறைக்காது. சேறு தெறித்திருந்தால் சோப்புக்கு முன்னால் ஓடும் தண்ணீரில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அலசுங்கள். செம்மண் கறைக்கு பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், அதில் இருப்பது இரும்பு, பிளீச்சிங்கில் கறை இன்னும் அழுந்திப் பிடிக்கும். கறை போகாமல் இஸ்திரியும் போடாதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் வேட்டிகளை இரும்புக் கம்பிக்கொடிப் பக்கமே நான் விடுவதில்லை. ஈரவேட்டியின் நடுவில் கம்பி பட்ட இடத்தில் துருக்கோடு விழுந்தால், பிறகு எவ்வளவு சொட்டுநீலம் போட்டாலும் அது தெரிந்துகொண்டே இருக்கும்.