உடம்பை நேசிக்க எனக்கு வரவில்லை

போன வாரம் உச்சிப்புளியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த உறவுக்கார அக்கா, இலையில் உப்பு விழுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "என்னடி, நல்லா சதை போட்டுட்ட?" "ஆமாக்கா, போட்டிருக்கேன். அந்த அப்பளத்தை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றேன். அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் அன்று சாப்பாடு இறங்கியிருக்காது. மூன்று நாள் அரைவயிறு, நான்காம் நாள் ராத்திரி அடுக்களையில் நின்றபடியே ஒரு பாக்கெட் மிக்சர், அதற்கப்புறம் ஒரு மாதம் நடைப்பயிற்சியே கிடையாது. எனக்கு நன்றாகத் தெரிந்த வரிசை அது.

அந்த வரிசை எப்படி அறுந்தது என்று எழுதலாம் என நினைத்தேன். சிலர் இன்பாக்ஸில் கேட்டிருந்தீர்கள்.

முதலில் நான் முயன்றது எல்லோரும் சொல்வதைத்தான். உன் உடம்பை நேசி. கண்ணாடி முன் நின்று "நான் அழகு, என் வயிறும் அழகு" என்று தினமும் சொல். சொன்னேன். சொன்ன மறுகணமே உள்ளே ஒரு குரல், "அப்படியா, நேற்று ரவிக்கை கொக்கி மாட்ட என்ன பாடுபட்டாய்?" என்று கேட்கும். சும்மா இருந்தாலாவது வயிற்றை மறந்திருப்பேன். வாழ்த்தப் போய் தினம் ஒரு வழக்கு நடந்தது, தினமும் நானே தோற்றேன்.

இது என் கோணல் புத்தி என்றுதான் நினைத்தேன். கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியல் பேராசிரியரும் கூட்டாளிகளும் 2009இல் வெளியிட்ட ஒரு ஆய்வைப் பற்றிப் படித்த பிறகு கொஞ்சம் ஆறுதல். "நான் அன்புக்குத் தகுந்தவள்" என்ற மாதிரி ஒரு வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு நன்றாக இருந்தவர்களுக்கு லேசாக நன்றாக இருந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கோ, சொல்லாமல் இருந்தவர்களைவிட மனநிலை மோசமானது. அது உடம்பைப் பற்றிய ஆய்வு அல்ல, மனிதர் தம்மையே மதிப்பதைப் பற்றியது. ஆனால் எனக்குக் கண்ணாடி முன் நடந்ததும் அதேதான். நம்ப முடியாத வாக்கியத்தை மனசுக்குள் தள்ளினால் அதற்கு எதிரான சாட்சிகளையெல்லாம் மனசே கூட்டிக்கொண்டு வருகிறது.

அப்போதுதான் பாடி நியூட்ராலிட்டி என்ற பேச்சு கண்ணில் பட்டது. உடல் நடுநிலை என்று சொல்லலாம். 2015 வாக்கில் அமெரிக்காவில் ஆன் பாய்ரியர் போன்ற ஆலோசகர்கள் பரவலாக்கிய சொல். உடம்பை நேசிக்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். அதன் தோற்றத்துக்கு மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, அதற்கு வேண்டியதைச் செய் என்பதுதான் விஷயம். கேட்டதும் எனக்குச் சப்பென்று இருந்தது. "இது என் வயிறு. சாப்பிட்ட பிறகு உப்புகிறது." இதில் என்ன இருக்கிறது? பிறகுதான் புரிந்தது, இந்த வாக்கியத்தோடு உள்ளே இருக்கும் குரல் சண்டை போட முடியாது. வயிறு இருக்கிறது, உப்பவும் செய்கிறது. வழக்கு தள்ளுபடி.

ஆனால் மனசு அமைதியானதைவிடப் பெரிய லாபம் எனக்குப் பழக்கத்தில் கிடைத்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்பு ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது எச்பிஏ1சி, 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. டாக்டர் நடக்கச் சொன்னார். நான் "நடந்தால் இளைக்கலாம்" என்று கேட்டுக்கொண்டேன். அங்கேதான் கோளாறு. நடைக்குக் கூலியாக நான் எதிர்பார்த்தது எடை மெஷினில் குறைகிற எண். தினமும் காலையில் ஏறி நிற்பேன்.

முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தது. சோற்றைக் கிட்டத்தட்ட விட்டிருந்தேன். தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு வாரத்துக்கு மூன்று முறையாகிவிடும். ஒரு ராத்திரி நெத்திலிக் கருவாடும் சோறும் சாப்பிட்டுவிட்டு மறுநாள் ஏறி நின்றால் 1.3 கிலோ கூடியிருக்கிறது! அன்று நடக்கவில்லை. "என்ன நடந்து என்ன" என்று தோன்றியது. அதற்கு அடுத்த நாளும் நடக்கவில்லை. நடை அந்தத் தடவை மொத்தம் பத்தொன்பது நாள்.

இத்தனைக்கும் நான் எடைக்கணக்கு எழுதுகிறவள். ஐஸோடு சேர்த்துப் பெட்டியை நிறுத்திவிட்டு மீன் இத்தனை கிலோ என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பேன். உடம்பு விஷயத்தில் நான் செய்தது அதையேதான். நம் தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கிறது. அது ஒரு கிராம் இருந்தால் கூடவே மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் இருக்கும். சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் போவதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். சோறு திரும்பினால் அதுவும் திரும்பும். கருவாட்டு உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பலருக்கு ஒரு கிலோ சாதாரணமாகக் கூடும். ஒரே ராத்திரியில் 1.3 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கு மேல் ஏறக்குறைய பத்தாயிரம் கலோரி தின்றிருக்க வேண்டும். என் வீட்டுச் சட்டியில் அவ்வளவு சோறு இல்லை.

இது தெரிந்தால் மட்டும் போதுமா? எனக்குப் போதவில்லை. தெரிந்தும் எண்ணைப் பார்த்தால் முகம் வாடும். அதனால் மெஷினைப் பரணில் ஏற்றினேன். இருதயத்திலோ சிறுநீரகத்திலோ பிரச்சினை இருந்து தினமும் எடை பார்க்கச் சொல்லியிருந்தால் இப்படிச் செய்யக் கூடாது, அங்கே அந்தத் தண்ணீரைத்தான் டாக்டர் கவனிக்கிறார். எனக்கு அந்தத் தேவை இல்லை.

அடுத்து ரவிக்கை. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கு மிகவும் உதவியது இதுதான். "இளைத்ததும் போடலாம்" என்று வைத்திருந்த ஆறு ரவிக்கையையும் தையல்கார அக்காவிடம் கொண்டுபோனேன். பக்கத் தையலில் உள்ளே மடித்து விட்டிருந்த துணியைப் பிரித்து அகலம் கூட்டித் தந்தார். இரண்டில் துணி போதவில்லை, கக்கத்தில் பட்டி வைத்தார். இறுக்கமான ரவிக்கை மணிக்கு நாலு தடவை உடம்பை ஞாபகப்படுத்தும், ஒவ்வொரு தடவையும் திட்டாகத்தான் ஞாபகப்படுத்தும். தளர்ந்த அன்றே பாதிப் பேச்சு அடங்கியது.

பிறகு நடை. இந்தத் தடவை இளைப்பதற்காக இல்லை. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை வேலைசெய்யும் தசை எடுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டு முடித்துச் சற்று நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதற்கே பலன் உண்டு. ராத்திரிச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பு. தெருமுனைக் கோயில் வரை போய்த் திரும்பினால் பதினேழு நிமிடம். நாட்காட்டியில் ஒரு கோடு. காரணமும் கூலியும் இடம் மாறியதால், அன்று நான் அழகாக இருக்கிறேனா குண்டாக இருக்கிறேனா என்பதற்கும் செருப்பு மாட்டுவதற்கும் தொடர்பு அறுந்துவிட்டது. அசிங்கமாகத் தோன்றிய நாளிலும் பல் தேய்க்கிறோம் இல்லையா, அப்படி. முதல் மாதம் 22 கோடு, இரண்டாம் மாதம் 19, மூன்றாவதில் 24. வாடைக்காற்று வீசும் மாதத்தில் மழையால் 11தான். ஆனால் 11க்கு அப்புறம் பூஜ்யம் வரவில்லை. எனக்கு அது புதுசு.

எச்பிஏ1சி இப்போது 5.8. எடை? போன மாதம் டாக்டர் பார்த்தபோது முன்பைவிட ஒரு கிலோ குறைவு. அக்காவின் கண்ணுக்கு அதுகூடத் தெரியவில்லை.

சரி, இதிலும் ஒரு குழி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் என் பெரியம்மா என்னைச் சும்மா விடமாட்டார்.

பெரியம்மா சின்னப்பாலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கடல்பாசி எடுத்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டி, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்குவார். அவர் கண்ணாடி முன் நின்று நான் பார்த்ததில்லை. நடுநிலை என்றால் இவர்தான் என்று ஆரம்பத்தில் புல்லரித்து இதே முகநூலில் எழுதியும்விட்டேன். அதைப் படித்துக் காட்டியபோது சிரித்தார். "நடுநிலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பார்க்க நேரமில்லடி. பார்த்திருந்தா முட்டியை அன்னைக்கே காட்டியிருப்பேன்." முழங்கால் வீங்கியே ஆறு வருஷம் கடலுக்குப் போனவர். இப்போது படி ஏறமுடியாது. நம் பெண்கள் பலருக்கு இருப்பது நடுநிலை இல்லை, கவனிக்காமல் விடுவது. வெளியிலிருந்து இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வலித்தால் உட்காருகிறாளா, பசித்தால் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, கட்டி தட்டுப்பட்டால் காட்டுகிறாளா என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். "அழகைப் பார்க்காதே, உன் கால் எத்தனை வேலை செய்கிறது பார், அதற்கு நன்றி சொல்" என்று ஒரு முறை உண்டு. உடம்பு செய்யும் வேலைகளைப் பற்றி எழுதச் சொன்னால் பலருக்கு நிறைவு கூடுகிறது என்று ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் வேலை செய்யாத காலுக்கு? பெரியம்மாவிடம் இதைச் சொன்னால் அடுத்த பரீட்சையில் தோற்கவைத்த மாதிரி ஆகும். அவரிடம் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: முட்டி வலிக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குங்கள், பிசியோதெரபிஸ்ட் சொன்ன பத்துத் தடவை. முட்டி நல்லதாகவும் வேண்டாம், கெட்டதாகவும் வேண்டாம்.

சாப்பிடவே பயந்து பட்டினி கிடப்பவர்கள், சாப்பிட்டதை வாந்தியெடுப்பவர்கள் இருந்தால், அவர்களுக்கு என் பதிவோ பரணோ தீர்வு ஆகாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நோய் அது.

நேற்று ராத்திரி காற்று பலமாக இருந்தது. தெருவில் மண் கண்ணில் அடித்தது. கோயில் வரை போகவில்லை, வீட்டு முற்றத்திலேயே எட்டு நிமிடம் சுற்றினேன். பெரியம்மா நாற்காலியிலிருந்து, "இதுக்கும் கோடு உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்ப எனக்கும் ஒரு கோடு போடு, பத்து முடிச்சிட்டேன்" என்றார். நான் எண்ணியவரை ஏழுதான். போட்டுவிட்டேன்.