பீட்ரூட் சிவப்பை நம்பாதீர்கள்

“பீரியட்ஸில் ரத்தம் நிறைய போனால் தினமும் பீட்ரூட் ஜூஸ் போதும், போன இரும்பு திரும்பிவிடும்” என்று நம் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார்.

இல்லைங்க. அந்தச் சிவப்பு வெறும் நிறமிதான், 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு 1 மில்லிகிராம்கூட இருக்காது. அதற்குப் பதிலாக ஈரல் சாப்பிடுங்கள் என்று எழுதிய அக்கா சொன்னது சரி. முருங்கைக்கீரை என்றவர் பாதி சரி, ஏனென்றால் கீரையின் இரும்பு லேசில் உடம்பில் ஒட்டாது, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தோ நெல்லிக்காயோடோ சாப்பிட்டால்தான் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். நானும் கீரை விடாமல் சாப்பிட்டவள்தான், ஆனால் தட்டைக் கழுவுமுன் டீ குடித்துவிடுவேன், டீ இரும்பைச் சேரவிடாது, ஹீமோகுளோபின் 9-லேயே நின்றது. டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட்டேன், அப்புறம் டாக்டர் தந்த மாத்திரையும் சேர்ந்துதான் ஏறியது. வலிக்கு இஞ்சி சிலருக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. மணிக்கொரு பேட் நனைந்தால் ஜூஸ் போடாமல் டாக்டரைப் பாருங்கள், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.