மாடிப்படில முதல் படியும் கடைசிப் படியும்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் ரெண்டு மூண்டு பேர்ச் காணிக்குள்ள மாடி வச்சு வீடு கட்டுற ஆக்களுக்கு இதச் சொல்லியே ஆகோணும். ஹோலுக்கு எவ்வளவு, பான்ட்ரிக்கு எவ்வளவு எண்டு சண்டை பிடிச்சு இடம் எடுக்கிறீங்கள், கடைசில மிச்சமாக் கிடக்கிற மூலைக்குள்ள படியைத் திணிக்கிறீங்கள். பிறகு வயசான அம்மா அப்பா கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு பக்கவாட்டா இறங்குறதப் பாத்து "முழங்கால் வருத்தம்" எண்டு சொல்லுறீங்கள். பாதி வருத்தம் அந்தப் படிலதான் இருக்கு.

ஒரு கணக்கு பாப்பம். கீழ் டைலுக்கும் மேல் டைலுக்கும் இடையில 10 அடி 6 இஞ்ச், அதாவது 126 இஞ்ச் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. இடம் காணாது எண்டு 14 படில முடிச்சா ஒரு படி 9 இஞ்ச் உயரம், கால் வைக்கிற அகலமும் 8 இஞ்சுக்கு வந்திடும். ஏறிடலாம், ஆனா இறங்கேக்க பெரிய ஆள்ட கால் அந்த 8 இஞ்சுக்குள்ள நிக்காது, விரல் வெளில தொங்கும். அதையே 18 ஆப் பிரிச்சா உயரம் சரியா 7 இஞ்ச், அகலம் 10 வைக்கலாம். உயரத்தை ரெண்டு தரம் எடுத்து அகலத்தையும் கூட்டினா 24, 25 இஞ்சுக்குள்ள வரோணும், அதுதான் நடைக்கு ஒத்துவாற அளவு. இங்க 24 வருது.

இதுக்கு நிறைய இடம் போகும் எண்டு பயப்படாதீங்கோ. 9 படி ஏறி லேண்டிங், திரும்பி இன்னொரு 9. ஒரு பக்கத்துக்கு 8 மிதி 6 அடி 8 இஞ்ச், லேண்டிங் 3 அடி, ஆக நீளம் 9 அடி 8 இஞ்ச், அகலம் ஆறரை அடி இருந்தாக் காணும். தயவுசெய்து அந்த லேண்டிங்கையும் முக்கோணப் படியா வெட்டிப்போடாதீங்கோ, உள்பக்கம் கால் வைக்க ஒண்டுமே இருக்காது.

இதெல்லாம் சரியாச் செய்தும் பிழைக்கிற இடம் ஒண்டு இருக்கு, என்ட சொந்தக்காரர் ஒராள்ட வீட்டில டேப் பிடிச்சுப் பாத்தனான். எல்லாப் படியும் 7 இஞ்ச், முதல் படி மட்டும் 6, கடைசிப் படி 8. மாமி மேல போகேக்க அடிக்கடி கடைசிப் படிலதான் தடுக்கினவ, எல்லாரும் செருப்பைத்தான் குறை சொன்னது. நடந்தது என்னெண்டா, பாஸ் கொங்கிறீட் போடேக்க எல்லாப் படியையும் 7 இஞ்சுக்கே அடிச்சிட்டார். பிறகு ரெண்டு மாடித் தரையிலயும் சாந்தும் டைலுமா 2 இஞ்ச் ஏறிச்சு, படில 1 இஞ்ச்தான் ஏறிச்சு. கீழ் தரை உயர்ந்ததால முதல் படி குறைஞ்சு போச்சு, மேல் தரை உயர்ந்ததால கடைசிப் படி கூடிப்போச்சு. ரெண்டு மூண்டு படி ஏறின உடன கால் உயரத்தைப் பழகிடும், அந்த உயரத்துக்கு மேல கொஞ்சம்தான் தூக்கும், அப்ப ஒரு இஞ்ச் கூடின படி விரல் நுனியைப் பிடிச்சிடும்.

இதத் தவிர்க்க ஒரு சதம் செலவில்ல. பலகை அடிக்க முதலே டைல் தடிப்பை முடிவெடுத்து பாஸிட்ட சொல்லுங்கோ: கொங்கிறீட்டில முதல் படி 8, கடைசிப் படி 6, நடுவில எல்லாம் 7. டைல் பதிச்ச பிறகு பதினெட்டும் 7 ஆ வந்து நிக்கும். "பிறகு டைல்ல சரிப்பண்ணுவம்" எண்டு சொன்னா விடாதீங்கோ, ஒரு இஞ்சை டைல்ல ஒளிக்க ஏலாது.

தலைக்கு மேலயும் ஒருக்காப் பாருங்கோ. படி விளிம்பில இருந்து நேர மேல 6 அடி 8 இஞ்சாவது வெளி வேணும். மேல் தரைல இருந்து பீம் ஒரு அடி இறங்கியிருந்தா இதே கணக்கில நாலாவது படி வரைக்கும்தான் அது மேல இருக்கலாம், அஞ்சாவது படிக்கு முதல் ஸ்லாப் திறந்திருக்கோணும். இத பிளான்லயே கீறிப் பாக்கலாம், ஸ்லாப் போட்ட பிறகு பீமை உடைக்க முடியாது.

ஏற்கனவே கட்டி முடிச்ச வீடெண்டா ஒவ்வொரு படியையும் டேப் பிடிச்சு அளவுங்கோ. முதலும் கடைசியும் மற்றதோட கால் இஞ்சுக்கு மேல வித்தியாசப்பட்டா அந்த ரெண்டு விளிம்பிலயும் வேற நிறத்தில வழுக்காத பட்டி ஒட்டுங்கோ, மேலயும் கீழயும் போடக்கூடிய மாதிரி ரூ வே சுவிட்ச் வையுங்கோ, கைபிடி முதல் படிக்கு ஒரு அடி முன்னமே தொடங்கி கடைசிப் படி தாண்டியும் கொஞ்சம் போகட்டும்.