6% யீல்டுக்கு விலை அலர்ட் ஒருமுறை போட்டால் போதுமா?

"ரீட் 6% யீல்டுக்கு வந்ததும் வாங்க, 400 ரூபாயில் விலை அலர்ட் ஒருமுறை போட்டால் போதும். யீல்டை ஆப்பே காட்டும்."

சிலர் இப்படிச் சொல்வார்கள், ஆனால் இது ஆபத்தான அரைகுறைக் கணக்கு. ரீட் என்பது வாடகைக் கட்டடங்களில் முதலீடு செய்யும் அறக்கட்டளை, அது யூனிட்டுக்கு ஆண்டுக்கு 24 ரூபாய் பங்கீடு தந்தால்தான் 6%க்கு 400 ரூபாய். ஒரு பெரிய வாடகைதாரர் காலி செய்து, பங்கீடு 21 ஆனால் அதே 6%க்கு விலை 350க்கு வர வேண்டும், ஆனால் உங்கள் அலர்ட் 400லேயே அடித்துவிடும், அப்போது கையில் இருப்பது 5.25% மட்டுமே.

ஆப் காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். நம்மூர் ரீட்கள் தருவதில் வட்டி, டிவிடெண்ட், ரீட் தன் துணை நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன் திரும்பி வரும் கடன் திருப்பம் எனப் பல கூறுகள் உண்டு. சில தளங்கள் டிவிடெண்டை மட்டும் எடுத்துக் குறைவாகக் காட்டும். காலாண்டு அறிவிப்பில் இந்தப் பிரிவு தெளிவாக இருக்கும். கடைசி நான்கு பங்கீடுகளை B2 முதல் B5 வரை, விலையை C1இல் போட்டு இப்படிப் பாருங்கள்:

```
=SUM(B2:B5)/C1>=0.06
```

புது அறிவிப்பு வந்ததும் நான்கில் மிகப் பழையதை நீக்கிப் புதியதைப் போடுங்கள். இதுவும் போன ஆண்டுக் கணக்குதான், அதனால் நிறுவனம் வரும் ஆண்டுக்குச் சொல்லும் மதிப்பீட்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

புதிதாக வாங்குபவருக்கு அந்தப் பங்கீடு கிடைக்காமல் போகும் எக்ஸ் தேதியன்று விலை பொதுவாக இறங்கும், ஆனால் அது மலிவு ஆனதாக அர்த்தமில்லை. கடன் திருப்பத்தை யீல்டில் சேர்ப்பதா என்பதில் இன்னும் இரு கட்சி உண்டு. அது நம் முதலே திரும்புவது போல என்பதால் நான் தனியாகவே வைக்கிறேன்.